செயலி காட்டும் இடமும் ஊழியர் நின்ற இடமும்

வாசகர் கடிதம்

கட்டடப் பராமரிப்பு நிறுவனம் ஒன்றில் மனிதவள அலுவலராக இருக்கிறேன். எங்கள் 64 ஊழியர்களில் 41 பேர் வாடிக்கையாளர்களின் கட்டடங்களில் வேலை செய்கிறார்கள். ஐந்து மாதங்களுக்கு முன் கைப்பேசிச் செயலி மூலம் வருகைப் பதிவைக் கொண்டுவந்தோம். ஒவ்வொரு கட்டடத்தையும் சுற்றி 100 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டிருக்கிறோம். வட்டத்துக்கு வெளியே இருப்பதாகக் காட்டினால் செயலி பதிவை ஏற்காது. வேலைக்கு வந்தும் பதிவாகவில்லை என்று தினமும் ஏழெட்டுப் பேர் முறையிடுகிறார்கள். பதிவு இல்லாவிட்டால் அரைநாள் சம்பளம் பிடிக்க வேண்டும் என்பது இயக்குநரின் உத்தரவு.

இப்போதைய பிரச்சினை ஒரு மின்பணியாளரைப் பற்றியது. கடந்த மாதம் 22 வேலை நாட்களில் 9 நாள் காலையில் அவருடைய பதிவு நிராகரிக்கப்பட்டிருக்கிறது. ஒன்பது முறையும் அவர் 2.7 கிலோமீட்டர் தள்ளி, ஒரே இடத்தில் இருந்ததாகக் காட்டுகிறது. பிழை அளவு 30 மீட்டருக்குள் என்று செயலியே சொல்வதால் கருவியின் கோளாறு என்றும் கொள்ள முடியவில்லை. அவர் மறுக்கிறார், பணிநீக்க நோட்டீஸ் தயாராக இருக்கிறது. நாள் முழுவதும் இருப்பிடத்தைப் பதியும் வசதியை இயக்கிவிட்டால் இந்தத் தகராறே வராது என்கிறார்கள் செயலியை விற்றவர்கள். எல்லா ஊழியர்களும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டிருப்பதால் சட்டச் சிக்கல் ஏதும் இருக்காது அல்லவா?

வழக்கறிஞரின் பதில்

அன்புள்ள வாசகருக்கு,

அந்த நோட்டீஸ் இன்னும் உங்கள் மேசையில்தான் இருக்கிறது என்று நம்புகிறேன். சில நாட்கள் அங்கேயே இருக்கட்டும். ஒன்பது நாளும் ஒரே இடம், பிழை அளவும் சிறியது என்ற இரண்டையும் அவருக்கு எதிரான வலுவான சான்றாக நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். தொழிலாளர் வழக்குகளில் இத்தகைய பதிவுகளைப் படித்துப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த இரண்டும் சேர்ந்து வரும்போது நான் முதலில் சந்தேகப்படுவது ஆளை அல்ல, கருவியை.

மின்பணியாளரின் ஒன்பது காலைகள்

கைப்பேசி தன் இடத்தை ஒரே வழியில் அறிவதில்லை. வானம் தெரியும் இடத்தில் அது ஜிபிஎஸ் போன்ற செயற்கைக்கோள்களின் சமிக்ஞையைக் கொண்டு கணக்கிடுகிறது. திறந்தவெளியில் இதில் ஏறக்குறைய 5 மீட்டர் வரை துல்லியம் கிடைக்கும். கட்டடத்தின் உட்பகுதியிலும் அடித்தளத்திலும் அந்தச் சமிக்ஞை எட்டாது. அங்கே கைப்பேசி, தனக்குக் கேட்கும் வைஃபை ரவுட்டர்களின் அடையாள எண்களைத் திரட்டி, அவை எந்த இடத்தில் இருப்பவை என்று கூகுள் அல்லது ஆப்பிள் பராமரிக்கும் தரவுத்தளத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. ரவுட்டரும் கேட்காவிட்டால் மொபைல் கோபுரங்களைக் கொண்டு தோராயமாக ஒரு இடத்தைச் சொல்கிறது.

இந்தத் தரவுத்தளத்தை யாரும் வீடுவீடாகப் போய்ச் சரிபார்த்து எழுதவில்லை. முன்பு அந்த வழியே போன கைப்பேசிகள் எந்த ரவுட்டரை எங்கே கேட்டன என்று தெரிவித்த தகவல்களிலிருந்து அது உருவாகிறது. ஆகவே, ஒரு வாடிக்கையாளர் தன் பழைய அலுவலகத்தில் இருந்த ரவுட்டர்களைக் கழற்றிக்கொண்டுவந்து புதிய கட்டடத்தின் அடித்தளத்தில் மாட்டினால், புதிய தகவல்கள் போதிய அளவு சேரும் வரை தரவுத்தளம் அவற்றைப் பழைய முகவரியிலேயே வைத்திருக்கும். அடித்தளத்தில் வேறு ரவுட்டரோ செயற்கைக்கோளோ எட்டாத நிலையில், உங்கள் பணியாளரின் கைப்பேசி தினமும் அந்தப் பழைய முகவரியைத்தான் சொல்லும். அதையும் தயக்கமில்லாமல், பிழை 25 அல்லது 30 மீட்டர்தான் என்று சொல்லும். பிழை அளவு என்பது வெளியே இருந்து யாரோ அளந்து பார்த்த எண் அல்ல; தனக்குக் கிடைத்த தகவல் சரி என்று நம்பிக் கைப்பேசி தானே போட்டுக்கொள்ளும் மதிப்பீடு. தகவலே தவறாக இருந்தால் மதிப்பீடும் அதோடு சேர்ந்தே தவறும்.

அவருக்கு நிகழ்ந்தது இதுதான் என்று இங்கிருந்து நான் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அரைநாள் செலவழித்தால் நீங்கள் கண்டுபிடித்துவிடலாம். முதலில் செயலியிலிருந்து நிராகரிக்கப்பட்ட ஒன்பது முயற்சிகளின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை எடுத்து வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். அங்கே அந்த வாடிக்கையாளரின் முன்னாள் அலுவலகமோ கிடங்கோ வேறு கிளையோ இருக்கிறதா என்று அவர்களிடமே கேளுங்கள். அடுத்து, அந்த ஒன்பது நாட்களின் மாலைப் பதிவுகளைப் பாருங்கள். காலையில் நேராக அடித்தளத்துக்கு இறங்கி, மின் பலகை அறையில் நின்றுகொண்டு பதிவிட்டவர், மாலையில் வாசலைத் தாண்டியபின் பதிவிட்டிருந்தால், மாலைப் பதிவு சரியான இடத்தைக் காட்டும். மற்ற 13 நாட்களில் அவர் எங்கே நின்று பதிவிட்டார், வேறு முறைப்பணியில் இருந்தாரா என்பதையும் பணி ஒதுக்கீட்டுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். மூன்றாவதாக, அதே கட்டடத்தில் வேலை செய்யும் வேறு யாருக்காவது அதே எண்கள் ஒருமுறையேனும் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டு பேருக்கு வந்திருந்தால் விஷயம் பெரும்பாலும் முடிந்துவிட்டது.

கடைசியாக நீங்களே நேரில் போங்கள். வேறொரு கைப்பேசியுடன் அந்த அறையில் ஐந்து நிமிடம் நின்று வரைபடத்தைத் திறந்து பாருங்கள்; பிறகு வாசலுக்கு வந்து மீண்டும் பாருங்கள். கூடுமானவரை அவர் பயன்படுத்தும் அதே வகைக் கைப்பேசியாக இருப்பது நல்லது. வாசலில் பார்த்துவிட்டு உடனே உள்ளே இறங்கினால் பழைய இடமே சற்று நேரம் நினைவில் நிற்கும் என்பதால், முதலில் அறையில் காத்திருந்து பார்ப்பதே சரியான வரிசை.

இதில் எளிய மனிதத் தர்க்கம் ஒன்றும் இருக்கிறது. இருப்பிடத்தைப் போலியாகக் காட்டும் செயலிகள் உண்டு. ஏமாற்ற நினைப்பவர் அதைக் கொண்டு தன்னை வட்டத்துக்குள்ளேதான் வைப்பார். 2.7 கிலோமீட்டர் வெளியே வைத்து, நிராகரிக்கப்பட்டு, அரைநாள் சம்பளத்தை இழந்து, மறுநாளும் அதையே செய்ய மாட்டார். உண்மையிலேயே வேறிடத்தில் இருந்தவராக இருந்தாலும், பலன் தராத பொத்தானை ஒன்பது நாள் அழுத்திக்கொண்டிருக்கக் காரணம் வேண்டும்.

ஆனாலும் அந்த இடம் அவருடைய வீடாகவோ அவர் பகுதிநேரம் பார்க்கும் வேறொரு வேலையிடமாகவோ இருந்தால் நிலைமை மாறிவிடும். அப்போதும் இருப்பிடப் பதிவு மட்டும் போதாது. அவர் வேலை செய்ததற்கோ செய்யாததற்கோ செயலிக்குச் சம்பந்தமில்லாத சான்று தேவை: வாடிக்கையாளரின் வாயிற்பதிவேடு, நுழைவு அட்டை எந்திரத்தின் பதிவு, அவர் எழுதிய முதல் மீட்டர் அளவீட்டின் நேரம், கையெழுத்தான வேலைச்சீட்டு. வாயிற்பதிவேட்டில் 8.50க்கு அவர் நுழைந்ததாகக் காவலர் எழுதியிருக்க, 8.56க்குச் செயலி அவரை 2.7 கிலோமீட்டர் தள்ளிக் காட்டினால், எந்த விசாரணையிலும் பதிவேடே நிற்கும். பதிவேட்டிலும் அவர் பெயர் இல்லை, வேலைச்சீட்டும் இல்லை என்றால், குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்து, சான்றுகளின் நகலையும் கொடுத்து, அவர் தரப்பைக் கேட்டபின் முடிவெடுங்கள். அந்த வரிசையைத் தாண்டிச் செய்யப்படும் பணிநீக்கம், குற்றம் உண்மையாகவே இருந்தாலும் நடைமுறைக் குறைக்காகவே வீழ்ந்துவிடக்கூடும்.

தினமும் வரும் ஏழெட்டு முறையீடுகள்

இவை மின்பணியாளரின் பிரச்சினையிலிருந்து வேறு வகையானவை. இங்கே கைப்பேசி பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. தனக்குச் சரியாகத் தெரியவில்லை என்றுதான் சொல்கிறது. உங்கள் செயலி அதைக் காதில் வாங்குவதில்லை.

ஒவ்வொரு இருப்பிடத்தோடும் கைப்பேசி ஒரு பிழை ஆரத்தையும் சேர்த்து அனுப்புகிறது. நீங்கள் பதிவிறக்கும் பட்டியலில் அது பெரும்பாலும் `accuracy` என்ற தலைப்பில் இருக்கும். கைப்பேசி தெரிவிப்பது ஒரு புள்ளியை அல்ல, ஒரு வட்டத்தை. அந்த வட்டத்துக்குள் எங்கோ இருக்கிறேன் என்பதே அதன் பொருள். ஆண்ட்ராய்டில் இந்த ஆரம் 68 விழுக்காட்டு நம்பகத்துக்கானது. அதாவது மூன்றில் ஏறக்குறைய ஒரு முறை ஆள் அந்த வட்டத்துக்கும் வெளியே இருக்கலாம் என்பது அதன் வரையறையிலேயே அடங்கியிருக்கிறது.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். உயரமான கட்டடங்களுக்கு நடுவில் உள்ள ஒரு வளாகத்தின் உட்கூடத்தில் ஒருவர் நிற்கிறார். செயலி குறித்த மையத்திலிருந்து அவர் 340 மீட்டர் தொலைவில் இருப்பதாகக் கைப்பேசி சொல்கிறது. பிழை ஆரம் 300 மீட்டர். உங்கள் செயலி 340ஐ 100உடன் ஒப்பிட்டு நிராகரித்துவிடும். ஆனால் 300 மீட்டர் பிழையைக் கழித்தால், அவர் மையத்துக்கு 40 மீட்டர் அருகிலேயே இருந்திருக்கக்கூடும். உள்ளே இல்லை என்று சொல்ல அந்தப் பதிவுக்குத் தகுதியே இல்லை. எனவே செயலியில் இருக்க வேண்டிய விதி இது:

```
distance - accuracy <= radius
```

இந்தக் கணக்கு பொருந்தினால் பதிவை அப்படியே ஏற்றுக்கொள்ளலாம். பொருந்தாவிட்டாலும் நிராகரிக்காமல் ஏற்று, சரிபார்க்க வேண்டியது என்று ஓர் அடையாளம் மட்டும் இட வேண்டும். பிழை ஆரம் மிகப் பெரிதாக, உதாரணமாக 500 மீட்டரைத் தாண்டினால், விதிப்படி அந்தப் பதிவு எளிதாகத் தேறிவிடும். ஆனால் அதிலிருந்து எதையும் அறிய முடியாது. அவற்றைத் தனியே பிரித்து, இருப்பிடம் அறியப்படாத பதிவுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிராகரிப்பதை நிறுத்துங்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இரக்கம் அல்ல. நிராகரித்தால் அந்த நிமிடத்தின் நேரச் சான்று வருகைப் பட்டியலில் இல்லாமல் போகிறது. உங்கள் செயலி முயற்சிகளையாவது சேமித்து வைத்திருப்பது அதிர்ஷ்டம். ஊழியரோ சமிக்ஞை தேடிச் சாலையில் நடக்கிறார், அல்லது வாசலில் நிற்கும் சக ஊழியரிடம் தன் கடவுச்சொல்லைக் கொடுத்துவிடுகிறார். எந்த மோசடியைத் தடுக்கச் செயலி வந்ததோ அதையே கற்றுக்கொடுக்கும் பள்ளிக்கூடமாக அது மாறிவிடுகிறது.

விதியை மாற்றுவதற்கு முன்பே ஒன்றைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஐபோனில் 2020இல் வந்த ஐஓஎஸ் 14 முதலும், ஆண்ட்ராய்டில் 2021இல் வந்த 12ஆம் பதிப்பு முதலும், ஒரு செயலிக்குத் துல்லியமான இடத்தைக் கொடுக்காமல் தோராயமான இடத்தை மட்டும் கொடுக்கும் உரிமை பயனருக்கு உண்டு. அமைப்புகளில் `Precise Location` அல்லது `Use precise location` என்ற பொத்தான் அணைந்திருந்தால், பிழை ஆரம் கிலோமீட்டர் கணக்கில் வரும். ஊழியர் பலர் இதைத் தெரியாமலே அணைத்திருப்பார்கள். பட்டியலில் ஒருவருக்கு எப்போதும் ஆயிரத்துக்கு மேற்பட்ட எண்ணே வருகிறதென்றால் இதுதான் காரணமாக இருக்கும்; அரை நிமிடத்தில் தீரும்.

இன்னொன்று, பழைய இடம். சில செயலிகள் புதிதாக இடத்தை அறியக் காத்திராமல், கைப்பேசி கடைசியாக நினைவில் வைத்திருந்த இடத்தையே எடுத்துக்கொள்கின்றன. பேருந்து நிறுத்தத்தில் அறிந்த இடத்தோடு அலுவலகத்தில் பதிவு விழும். இடம் அறியப்பட்ட நேரமும் பொத்தானை அழுத்திய நேரமும் தனித்தனியே சேமிக்கப்படுகின்றனவா என்று விற்பனையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். இரண்டுக்கும் இடையே ஒரு நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் புதிதாக அறியும்படி அமைக்கச் சொல்லலாம். செயலியை விற்க வருபவர்கள் செயல்விளக்கம் காட்டுவது பெரும்பாலும் ஜன்னலோரத்திலோ திறந்த வாசலிலோதான் என்பதை இந்த இடத்தில் நினைவுபடுத்திக்கொள்கிறேன்.

வாடிக்கையாளர் இடத்தில் வட்டம் போடுவது

உங்கள் வட்டங்களை யார், எங்கே உட்கார்ந்து போட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அலுவலகத்தில் அமர்ந்து முகவரியை வரைபடத்தில் தட்டச்சு செய்து, விழுந்த புள்ளியையே மையமாகக் கொண்டிருப்பார்கள் என்பது என் ஊகம். அந்தப் புள்ளி பல நேரங்களில் சாலையின் நடுவிலோ, ஒரே முகவரியில் உள்ள பெரிய வளாகத்தின் வேறு மூலையிலோ விழும். 600 மீட்டர் நீளமுள்ள ஒரு தொழிற்சாலையின் நடுவில் 100 மீட்டர் வட்டம் போட்டால், இரண்டு முனை வாசல்களிலும் நிற்பவர்கள் விதிப்படி வேலைக்கே வராதவர்கள் ஆகிவிடுகிறார்கள்.

சரியான முறை, இடத்துக்கே போய் அளப்பது. ஊழியர்கள் உண்மையில் எங்கே நின்று பதிவிடுகிறார்களோ, அந்த வாசல், வரவேற்பறை, பராமரிப்பு அறை ஒவ்வொன்றிலும் இரண்டு வெவ்வேறு கைப்பேசிகளைக் கொண்டு, காலையிலும் மாலையிலும் சில அளவீடுகள் எடுங்கள். அந்தப் புள்ளிகள் எல்லாம் உள்ளே அடங்கும்படி வட்டத்தை அமையுங்கள். ஒரே வட்டம் போதாவிட்டால் வாசலுக்கு ஒன்று வீதம் போடலாம். ஆண்ட்ராய்டுக்கு இத்தகைய வட்டங்களை அமைப்பவர்களுக்குக் கூகுளே தரும் பரிந்துரை, குறைந்தபட்ச ஆரம் 100 முதல் 150 மீட்டர் வரை இருக்கட்டும் என்பது. நீங்கள் எல்லா இடத்துக்கும் அந்தக் குறைந்தபட்சத்தின் அடிமட்டத்தைப் பிடித்திருக்கிறீர்கள். அடித்தளப் பணி உள்ள கட்டடங்களில் ஆரத்தைப் பெரிதாக்குவதைவிட, இறங்குவதற்கு முன் வாசலிலேயே பதிவிடலாம் என்று எழுத்தில் அனுமதிப்பதே நல்லது. வாசலிலிருந்து இறங்கும் சில நிமிடங்களைப் பணிநேரமாக ஏற்றுக்கொள்ளும் மனம் மட்டும் அதற்கு வேண்டும்.

சில வாடிக்கையாளர்கள் கைப்பேசியை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். அங்கே இருப்பிடச் செயலியை வற்புறுத்துவதில் பொருளில்லை. வாசலில் ஒட்டிய க்யூஆர் குறியீட்டை மாற்றுவழியாகச் சிலர் வைக்கிறார்கள். அச்சிட்ட குறியீட்டைப் படம் எடுத்து அனுப்பிவிட முடியும் என்பதால், சில விநாடிக்கு ஒருமுறை மாறும் திரைக் குறியீடாக இருந்தால்தான் அதற்கு மதிப்பு. அதற்கு வசதியில்லாத இடத்தில், வாடிக்கையாளரின் மேற்பார்வையாளர் கையெழுத்திடும் நேரச்சீட்டு எந்தச் செயலிக்கும் குறைந்ததல்ல.

ஒரே நாளில் இரண்டு மூன்று இடங்களுக்குப் போகிறவர்களை உங்கள் கடிதம் தொடவில்லை. பராமரிப்புத் தொழிலில் அவர்கள் இல்லாமல் இருக்க மாட்டார்கள். முதல் இடத்தில் 11.40க்கு வெளியேறல், இரண்டாம் இடத்தில் 12.25க்கு வருகை என்று பதிவானால், செயலி நடுவே உள்ள 45 நிமிடத்தை வேலையில்லா நேரமாகக் கழித்துவிடுகிறதா என்று பாருங்கள். நிறுவனத்தின் கட்டளைப்படி ஒரு வேலையிடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் நேரத்தைப் பணிநேரமாகவே பல நாட்டுச் சட்டங்கள் கொள்கின்றன. நிலையான பணியிடம் இல்லாதவர்கள் காலையில் வீட்டிலிருந்து முதல் வாடிக்கையாளரிடம் போகும் நேரமும், கடைசி வாடிக்கையாளரிடமிருந்து வீடு திரும்பும் நேரமும்கூடப் பணிநேரமே என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. அது பணிநேர வரம்பைப் பற்றிய தீர்ப்பு. சம்பள விகிதத்தைப் பற்றியதல்ல, எல்லா நாட்டையும் கட்டுப்படுத்துவதுமல்ல. உங்களுக்குப் பொருந்தும் விதியை உங்கள் நாட்டுத் தொழிலாளர் சட்டம் அறிந்த வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுத்தான் செயலியின் கணக்கை அமைக்க வேண்டும்.

அரைநாள் பிடித்தம்

இயக்குநரின் உத்தரவில் உள்ள பிழை, பதிவையும் வேலையையும் ஒன்றாகக் கருதுவது. சம்பளம் செய்த வேலைக்கு உரியது. வருகைப் பதிவு அந்த வேலைக்கான பல சான்றுகளில் ஒன்று. ஒருவர் வேலை செய்தார் என்பது வேலைச்சீட்டிலிருந்தோ வாடிக்கையாளரிடமிருந்தோ உங்களுக்கே தெரிந்திருக்கும்போது, செயலி ஏற்கவில்லை என்பதற்காகச் சம்பளத்தைக் குறைத்தால், அது பெரும்பாலான இடங்களில் சட்டவிரோதப் பிடித்தமாகவே கருதப்படும். பதிவிடும் விதியை ஒருவர் வேண்டுமென்றே மீறுகிறார் என்றால் அது ஒழுங்கு நடவடிக்கைக்குரிய விஷயம். சம்பளத்தில் கை வைக்க அது வழியல்ல.

பிடித்தத்துக்குப் பதிலாக ஒரு திருத்த வழி வேண்டும். பதிவு விடுபட்ட அல்லது அடையாளமிடப்பட்ட நாளுக்கு, ஊழியர் மறுநாள் முடிவதற்குள் நேரத்தையும் காரணத்தையும் எழுதித் தரட்டும். அந்த இடத்துப் பொறுப்பாளர் உறுதிசெய்யட்டும். நீங்கள் இரண்டு வேலைநாளுக்குள் ஏற்றோ மறுத்தோ காரணத்தோடு பதில் தாருங்கள். உங்களுக்கும் காலக்கெடு இருக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஊழியருக்கு மட்டும் கெடு வைக்கும் படிவங்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். திருத்தும்போது மூலப் பதிவை அழித்துவிடக் கூடாது. பழைய எண், புதிய எண், யார் மாற்றினார், எப்போது, ஏன் என்பவை பக்கத்திலேயே இருக்க வேண்டும். பிற்காலத்தில் வழக்கு வந்தால், திருத்தமே இல்லாத பட்டியலைவிடக் காரணத்தோடு திருத்தப்பட்ட பட்டியலையே நம்புவார்கள்.

மாதக் கடைசியில் திருத்தங்களை மூன்று வகையாகப் பிரித்துப் பாருங்கள். ஒரே கட்டடத்தில் பலருக்கு வந்தால் வட்டத்தைச் சரிசெய்யுங்கள். ஒரே கைப்பேசியில், எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் வந்தால் அமைப்புகளைப் பாருங்கள். கட்டடமும் கைப்பேசியும் மாறியும் ஒரே ஆளுக்கு மட்டும் வந்தால், அப்போதுதான் அவரைக் கூப்பிட்டுப் பேச வேண்டிய நேரம்.

நாள் முழுவதும் கண்காணிப்பதும் ஒப்புதல் படிவமும்

இந்த வசதியை இயக்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. முதலில், அது உங்கள் பிரச்சினையைத் தீர்க்காது. அடித்தளத்தில் தவறாகக் காட்டும் கைப்பேசி, ஒருமுறைக்குப் பதிலாக நூறுமுறை தவறாகக் காட்டும். அந்த நூறும் மின்பணியாளருக்கு எதிரான நூறு சாட்சிகள் போலத் தோன்றும். தவிர, பின்னணியில் ஓடும் செயலிகள் இருப்பிடத்தை எடுப்பதை ஆண்ட்ராய்டும் ஐஓஎஸும் பேட்டரியைக் காக்கக் கட்டுப்படுத்துகின்றன. இடையில் விழும் வெற்றிடங்களை யாராவது கைப்பேசியை அணைத்து வைத்த நேரம் என்று தவறாகப் படிப்பார்கள்.

சட்டப் பக்கம் இன்னும் கடினமானது. கையெழுத்து வாங்கிவிட்டதால் எல்லாம் சரி என்ற எண்ணத்தை மாற்றிக்கொள்ளுங்கள். மறுத்தால் வேலைக்கு என்ன ஆகும் என்று அஞ்சும் நிலையில் தரப்படும் ஒப்புதலைச் சுதந்திரமான ஒப்புதலாகக் கொள்ள முடியாது என்பதே ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு அமைப்புகளின் நிலைப்பாடு. வேறு பல நாடுகளின் சட்டச் சிந்தனையும் அந்தத் திசையில்தான் போகிறது. கேட்கப்படும் கேள்வி வேறு: நீங்கள் எடுக்கும் தகவல் உங்கள் நோக்கத்துக்குத் தேவையா, அதைவிடக் குறைவான தகவலால் அந்த நோக்கம் நிறைவேறாதா? வருகையை உறுதிசெய்ய இரண்டு கணங்களின் இடம் போதும். உணவு இடைவேளையில் அவர் மருத்துவமனைக்குப் போனாரா, தொழிற்சங்க அலுவலகத்துக்குப் போனாரா என்பது உங்கள் கைக்கு வந்துவிட்டால், பிறகு அவர்மீது எடுக்கும் எந்த நடவடிக்கையும் அதற்காகவே எடுத்ததாகக் குற்றம்சாட்டப்படும்.

ஆகவே செயலியின் அனுமதியை, அதைப் பயன்படுத்தும்போது மட்டும் என்ற அளவில் வைத்து, ஒப்புதல் படிவத்துக்குப் பதிலாக ஓர் அறிவிப்பைக் கொடுங்கள். எந்தக் கணங்களில் இடம் எடுக்கப்படுகிறது, அதை யார் பார்ப்பார்கள், எத்தனை மாதம் வைத்திருப்பீர்கள், தவறு என்றால் யாரிடம் சொல்வது என்பவை அதில் இருந்தால் போதும். கைப்பேசி ஊழியரின் சொந்தமானதாக இருந்தால், அதில் செயலியை நிறுவ முடியாதவருக்கு என்ன வழி என்பதையும் எழுதுங்கள். பழைய கைப்பேசி வைத்திருப்பது ஒழுங்கீனம் அல்ல.

இந்த வாரத்தில் செய்ய வேண்டியவை

வாடிக்கையாளரின் வாயிற்பதிவேடு உங்களுடையது அல்ல. காவல் நிறுவனங்கள் அவற்றை நெடுங்காலம் வைத்திருக்கும் என்று நம்ப முடியாது. அந்த ஒன்பது நாட்களின் பக்கங்களுக்கு, மின்பணியாளரின் பெயர் உள்ள வரிகளை மட்டும் கேட்டு, இன்றே எழுதுங்கள். செயலி நிறுவனத்திடமும் நிராகரிக்கப்பட்ட முயற்சிகளின் முழுப் பட்டியலை, இடம் அறியப்பட்ட நேரம் உட்பட, அழிக்காமல் எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

மின்பணியாளரிடம் பேசும்போது, நீங்கள் ஏன் அங்கே இருந்தீர்கள் என்று தொடங்காதீர்கள்; அந்தக் கேள்வியிலேயே தீர்ப்பு இருக்கிறது. காலையில் எந்த வழியாக நுழைகிறீர்கள், எந்த இடத்தில் நின்று பதிவிடுகிறீர்கள், நிராகரிக்கப்பட்டதும் என்ன செய்தீர்கள் என்று கேட்டு, அவர் சொல்வதை எழுதி அவரிடமே கையெழுத்து வாங்குங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அறைக்கு இறங்குங்கள்.

பதிவேடு அவர் பக்கம் நின்றால், நோட்டீஸைக் கிழித்துப் போடுவது மட்டும் போதாது. அந்த ஒன்பது நாட்களுக்குப் பிடித்த நாலரை நாள் சம்பளத்தையும், கடந்த ஐந்து மாதங்களில் இதே காரணத்துக்காக மற்றவர்களிடம் பிடித்ததையும் வேலைச்சீட்டுகளோடு ஒப்பிட்டுக் கணக்கெடுத்து, யாரும் கேட்கும்வரை காத்திராமல் அடுத்த சம்பளப் பட்டியலிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இயக்குநர் தயங்கினால், ஐந்து மாதத் தொகையையும், அதையே 41 பேர் சேர்ந்து வழக்காகக் கேட்டால் ஆகும் செலவையும் ஒரே தாளில் எழுதி அவர்முன் வையுங்கள்.